டிரைவிங் ஸ்கூல் கட்டணம்: எதற்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

வாழப்பாடியில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு டிரைவிங் ஸ்கூலில் விசாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் 6,500 ரூபாய், எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) முதல் லைசென்ஸ் வரை எல்லாம் சேர்த்து. இன்னோர் இடத்தில் 4,500 ரூபாய். "இருபது கிளாஸ், ஆபீஸ் ஃபீஸ் மட்டும் தனி" என்கிறார்கள். எதில் சேருவீர்கள்? பெரும்பாலோர் இரண்டாவதில்தான் சேருவார்கள். சேரும் முன் அந்தப் பணம் எதற்கெல்லாம் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் ரூபாய்க் கணக்கில் அரசுக் கட்டணம் மட்டும் சட்டத்தில் உள்ளது. மற்றவை கணக்குப் போடும் வழியைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: ஒரு கோர்ஸ் என்றால் எவ்வளவு நேரம்? இதைப் பள்ளிதான் முடிவு செய்யவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கார் ஓட்டப் பழகுபவருக்குப் பயிற்சிக் காலம் குறைந்தது 21 நாள். அதில் வண்டியை நேரில் ஓட்டும் நேரம் குறைந்தது 10 மணி. லாரி, டாக்ஸி போன்ற வாடகை வண்டிகளுக்கு இது 30 நாளும் 15 மணியும்.

பத்து மணி நேரம் அதிகமோ? இல்லை, அது கீழ் எல்லை. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதியில், கார் பயிற்சி மொத்தம் 29 மணி நேரம். அதில் 21 மணி நேரம் செய்முறை. அந்த மையங்களும் சாதாரண டிரைவிங் ஸ்கூலும் ஒன்றல்ல. ஆனாலும் ஒருவர் ஒழுங்காக ஓட்டப் பழக எவ்வளவு நேரம் ஆகும் என்று அரசே என்ன நினைக்கிறது என்பது இதில் தெரிகிறது.

"இருபது கிளாஸ்" என்றால் பத்து மணி நேரம் தானே? ஒரு கிளாஸ் அரை மணி என்றால் ஆம். ஆனால் அரை மணி யாருடைய அரை மணி என்று கேட்கவேண்டும். ஒரு காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பேளூர் ரோட்டில் ஒரு மணி நேரம் போய் வந்தால், ஒவ்வொருவர் கையிலும் ஸ்டீயரிங் இருந்தது இருபது நிமிடம். இடம் மாறி உட்காரும் நேரம், ஊருக்குள் இருந்து ஆள் குறைந்த ரோட்டுக்குப் போய்ச் சேரும் நேரம் எல்லாம் கழித்தால் பதினைந்து நிமிடம்தான் தேறும். பின்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதிலும் கொஞ்சம் கற்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கிளட்ச் காலுக்குப் பழக, கால்தான் கிளட்சின் மேல் இருக்கவேண்டும். ஆகவே கோர்ஸ் விலையைக் கிளாஸ் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும் நிமிடங்களால் வகுத்துப் பாருங்கள்.

இப்போது பள்ளிக்காரருக்கு ஆகும் செலவுக்கு வருவோம். இதில் பெரியது பயிற்றுநரின் நேரம். மாதம் 20,000 ரூபாய் சம்பளம், 26 நாள் வேலை என்று வைப்போம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் வேலையில் இருந்தாலும், ஆள் பழகும் நேரம் நாளுக்கு ஐந்து மணிதான் தேறும். வேலைக்குப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கும் சாயங்காலமும் கேட்பார்கள். நடுப்பகலில் வண்டி சும்மா நிற்கும். மாதத்துக்கு 130 மணி நேரம். சம்பளத்தை அதால் வகுத்தால் மணிக்கு 154 ரூபாய். உங்கள் பத்து மணி நேரத்துக்கு 1,540 ரூபாய்.

அடுத்தது எரிபொருள். கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்குமே என்பீர்கள். பழகும் வண்டி கொடுக்காது. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து, அடிக்கடி ஆஃப் ஆகி, மறுபடி செல்ஃப் எடுத்து, நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் 11 கிலோமீட்டர் கிடைத்தால் சரி. மணிக்கு சராசரியாக 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்கு 150 கிலோமீட்டர். அதற்குப் பதின்மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டர் நூறு ரூபாய் என்று வட்டமாக வைத்தால் 1,360 ரூபாய்.

மூன்றாவது வண்டி. பழகுபவர்கள் கையில் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும், டயர் பிளாட்பாரத்தில் உரசும். தவணை, இன்சூரன்ஸ், பழுது எல்லாம் சேர்த்து மாதம் 13,000 என்றால் மணிக்கு 100 ரூபாய். பத்து மணிக்கு 1,000. அலுவலக வாடகை, போன் எடுத்து எல்.எல்.ஆர். விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் ஆள் ஆகியவற்றுக்கு மணிக்கு 60 ரூபாய் வைத்தால் 600.

இவை நான்கும் சேர்ந்து மணிக்கு சுமார் 450 ரூபாய். பத்து மணி நேரத்துக்கு 4,500. டெஸ்ட் அன்று காரும் பயிற்றுநரும் அரை நாள் காத்திருப்பார்கள். அன்று வரும் நாலைந்து பேருக்குப் பங்கிட்டால் உங்கள் தலைக்கு ஒரு 300. இதன் மேல் அரசுக் கட்டணம்.

அரசுக் கட்டணம் எவ்வளவு? மத்திய விதிகளில் உள்ளபடி எல்.எல்.ஆர்.-க்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50. ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்கு ஒரு வகை வண்டிக்கு 300, லைசென்ஸ் வழங்க 200. கார் மட்டும் என்றால் 700 ரூபாய். இரு சக்கர வண்டியும் சேர்த்து எடுத்தால் எல்.எல்.ஆர்.-க்கு இன்னொரு 150, எட்டுப் போட்டுக் காட்டும் டெஸ்டுக்கு இன்னொரு 300 கூடும். இவற்றோடு மாநில அரசின் சேவைக் கட்டணமும் சேரும். எல்லாம் கட்டியதும் வரும் ரசீதில் எழுதியிருக்கும் தொகைதான் கடைசிக் கணக்கு. 40 வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் மருத்துவச் சான்றும் வாங்கவேண்டும். அந்தச் செலவு தனி.

ஆகக் கூட்டினால் 4,500, 300, 700, மொத்தம் 5,500. ஓனர் ஆயிரம் ரூபாய் லாபம் வைத்தால் 6,500. முதல் பள்ளி சொன்ன தொகை வந்துவிட்டது. அரை மணி நேரம் முழுக்க உங்களை ஓட்டவிட்டால் அது நியாயமான விலை.

அப்படியானால் 4,500 எப்படிக் கட்டுப்படியாகிறது? இரண்டு விதமாகக் கட்டுப்படியாகும். ஓனரே பயிற்றுநராக இருந்து, காருக்குத் தவணையும் முடிந்திருந்தால் உண்மையிலேயே குறைந்த விலைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சின்ன ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கிடைத்தால் விடாதீர்கள். இன்னொரு விதம், உங்கள் நேரத்தைக் குறைப்பது. பயிற்றுநர் சம்பளத்தையும் பெட்ரோல் விலையையும் குறைக்க முடியாது. அரை மணி நேரத்தைப் பதினைந்து நிமிடமாக்கினால் இரண்டுமே பாதியாகிவிடும்.

அந்த இரண்டாவது விதத்தைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இருபது கிளாஸ், கிளாஸுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் மொத்தம் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். 4,500 ரூபாயை வகுத்தால் நிமிடத்துக்கு 15 ரூபாய். முதல் பள்ளியில் அரசுக் கட்டணத்தையும் டெஸ்ட் நாள் செலவையும் கழித்தால் 5,500 ரூபாய்க்கு 600 நிமிடம். நிமிடத்துக்கு 9 ரூபாய்ச் சொச்சம். விலை குறைவு என்று போன இடத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுக்கிறீர்கள். அதோடு அரசுக் கட்டணம் 700, டெஸ்டுக்கு வண்டி கொடுக்க 500 என்று தனியாகக் கேட்டால் 5,700 ஆகிறது. விதி சொல்லும் பத்து மணி நேரத்தை எட்ட இன்னும் பத்து அரை மணி கிளாஸ் வேண்டும். அரை மணிக்கு 300 ரூபாய் என்றால் மொத்தம் 8,700.

கூடுதல் கிளாஸுக்கு 300 ரூபாய் கேட்பது நியாயமா? மேலே சொன்ன கணக்குப்படி பள்ளிக்கு அரை மணிக்கு அடக்கம் 225 ரூபாய். ஆகவே 250, 300 என்றால் தகராறு செய்ய ஒன்றும் இல்லை. அதற்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள். கருமந்துறை, தும்பல் பக்கமிருந்து வருகிறவரை வீட்டுக்கே வந்து கூட்டிப்போனால், வந்து போகும் பெட்ரோலும் நேரமும் அதில் ஏறும். அது சரியான காரணம். உங்கள் சொந்தக் காரில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் பெட்ரோலும் தேய்மானமும் உங்களுடையது. பயிற்றுநர் நேரமும் அலுவலகச் செலவும் மட்டும் கணக்கிட்டால் அரை மணிக்கு 107 ரூபாய்தான் அடக்கம். அதற்கும் அதே 300 கேட்டால் பேசிக் குறைக்கலாம்.

சொந்தக் காரில் பழகலாமா என்று சந்தேகம் வரும். கையில் செல்லுபடியாகும் எல்.எல்.ஆர். இருந்து, பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் வண்டியை நிறுத்தக்கூடிய விதத்தில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டியிருந்தால் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பள்ளி வண்டியில் பயிற்றுநர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும் (இரட்டைக் கட்டுப்பாடு என்பார்கள்). உங்கள் காரில் அவருக்கு ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அதனால் தொடக்கத்துப் பத்துக் கிளாஸையாவது பள்ளி வண்டியிலேயே பழகிவிட்டு, பிறகு சொந்த வண்டிக்கு மாறுங்கள்.

அந்த இரட்டைப் பெடல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், கூடுதல் கிளாஸுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு அது பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. அவருடைய பெடலும் உங்களுடையதும் கம்பியாலோ இரும்புத் தண்டாலோ இணைந்தவை. அவர் மிதித்தால் உங்கள் காலடியில் உள்ள பெடலும் தானாகக் கீழே இறங்கும். முதல் நாட்களில் இது தேவை. ஆனால் பதினைந்தாவது கிளாஸிலும் வண்டி ஆஃப் ஆகப் போகும் நேரத்தில் அவர் கால் கிளட்சை மிதித்துக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால், வண்டி ஓடியது அவர் காலால். ஓட்டிவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் உங்களுக்கு. இருபது கிளாஸும் நன்றாகப் போச்சே, டெஸ்டில் ஏன் ஆஃப் ஆச்சு என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் கால் அழுத்தாமலே பெடல் கீழே போகிறதா என்று கவனியுங்கள். பத்தாவது கிளாஸ் தாண்டியதும், "சார், இன்னிக்கு உங்க கால ரெண்டையும் தரையில வச்சுக்குங்க, ஆபத்துன்னா மட்டும் மிதிங்க" என்று கேளுங்கள். நல்ல பயிற்றுநர் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார். அன்று எத்தனை முறை வண்டி ஆஃப் ஆகிறது, எத்தனை முறை அவர் பிரேக் மிதிக்க வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். உங்களுக்குக் கூடுதல் கிளாஸ் எத்தனை தேவை என்பதை அந்த எண்ணிக்கை சொல்லிவிடும். பள்ளிக்காரர் வாயால் கேட்பதைவிட அது நம்பகமானது.

இன்னொரு சோதனை, மேட்டில் நிறுத்தி எடுப்பது. ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளவிடாமல், ஹேண்ட் பிரேக்கையோ கால் பிரேக்கையோ பயன்படுத்தி மறுபடி கிளப்பத் தெரியவேண்டும் என்று டெஸ்டுக்கான விதியிலேயே இருக்கிறது. வாழப்பாடி சமவெளி என்பதால் இதைப் பலர் பழகுவதே இல்லை. ரோடு பாலத்தின் மேல் ஏறும் இடம் ஒன்றைத் தேடி, கடைசி ஐந்து கிளாஸில் இரண்டையாவது அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ரிவர்ஸ் எடுப்பதும் அப்படித்தான்: நேர் ரோட்டில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்கு அது டெஸ்ட் அன்றுதான் புதிதாக வரும். சேலம்–ஆத்தூர் நெடுஞ்சாலையில் சேர்வது, பஸ் நிலையத்துப் பக்கம் நெரிசலில் ஊர்வது, கிழங்கு ஏற்றிய டிராக்டரை முந்துவது இவையும் கோர்ஸுக்குள்ளேயே வரவேண்டும். இவற்றைக் "கூடுதல் கிளாஸில் பார்க்கலாம்" என்று தள்ளினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டெஸ்டில் தவறிவிட்டால் என்ன செலவு? சட்டப்படி ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். டெஸ்ட் கட்டணம் 300 ரூபாயை மறுபடி கட்டவேண்டும். மூன்று முறை தவறினால் கடைசி டெஸ்டிலிருந்து 60 நாள் காத்திருக்கவேண்டும். அரசுக்குக் கட்டுவது சின்னத் தொகைதான். பள்ளி வண்டியை மறுபடி கொண்டுவர அவர்கள் கேட்பதும், நடுவில் எடுத்துக்கொள்ளும் கிளாஸ்களும், உங்கள் ஒரு நாள் சம்பளமும்தான் கையைக் கடிக்கும். எந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் கேட்கிறீர்களோ அந்த வகை வண்டியில் டெஸ்ட் நடக்கவேண்டும் என்பதே விதி. பள்ளி வண்டிதான் என்ற கட்டாயம் இல்லை. ஓட்டத் தகுதியான சொந்தக் காரிலும் போகலாம்.

"ஆபீஸ் செலவு" என்று ஒரு தொகை சொல்வார்கள், அது என்ன? அரசுக் கட்டணமும் சேவைக் கட்டணமும் என்றால் sarathi.parivahan.gov.in தளத்தில் கட்டி ரசீது காட்டமுடியும். ரசீதில் இல்லாத தொகைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. விண்ணப்பம் போட்டுக்கொடுத்த கூலி என்றால், அதைப் பள்ளி தன் பெயரில் பில்லில் எழுதித் தரட்டும். டெஸ்டில் பாஸ் ஆக வைக்க என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ஓட்டத் தெரியாமல் கிடைக்கும் லைசென்ஸ் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைத்தான் முதலில் ஆபத்தில் வைக்கும்.

விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மொபைல் எண் இருக்கட்டும். சில இடங்களில் வசதிக்காகப் பள்ளியின் எண்ணைப் போட்டுவிடுவார்கள். பிறகு டெஸ்ட் தேதி, கட்டிய தொகை, ஓ.டி.பி. எதுவும் உங்களுக்கு வராது. லைசென்ஸ் அட்டை தபாலில் வருவதால் முகவரியும் கதவு எண் வரை சரியாக இருக்கவேண்டும்.

நான் எத்தனை மணி நேரம் ஓட்டினேன் என்பதற்கு என்ன சாட்சி? உரிமம் பெற்ற பள்ளி, ஒவ்வொருவரும் ஓட்டிய நேரத்தைப் படிவம் 15 என்ற பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும். ஓட்டாத கிளாஸுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாக் கையெழுத்தையும் கடைசி நாளில் மொத்தமாகப் போடச் சொன்னாலும் போடாதீர்கள். தினமும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கிலோமீட்டர் மீட்டரில் இருந்த எண் இவற்றை உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். அரை மணி கிளாஸில் கிலோமீட்டர் மூன்றோ நான்கோதான் ஏறியிருந்தால் அன்று ரிவர்ஸ், மேடு என்று நின்ற இடத்தில் பழகியிருக்கவேண்டும். அப்படி எதுவும் பழகாமல் ரோட்டில் ஓட்டியும் அவ்வளவுதான் என்றால் உங்கள் நேரம் வேறெங்கோ போயிருக்கிறது. பாதியில் தகராறு வந்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தாலும் பணம் கட்டிய ரசீதும் இந்த நோட்டும்தான் கைகொடுக்கும்.

எப்போது சேருவது நல்லது? எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போகமுடியும். எல்.எல்.ஆர். செல்லுவது ஆறு மாதம். எல்.எல்.ஆர். வந்த மறுநாளே தொடங்கி 21 நாளில் கோர்ஸை முடித்துவிட்டு, ஒன்றரை மாதம் கழித்து டெஸ்டுக்குப் போனால் கிளட்ச் மறந்துபோயிருக்கும். ஞாபகப்படுத்தவே இரண்டு கூடுதல் கிளாஸ் கேட்கும். கடைசி நாலு கிளாஸை டெஸ்ட் தேதிக்கு முந்தைய வாரத்துக்கு ஒதுக்கிவைக்கச் சொல்லிச் சேரும்போதே பேசிவிடுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டவிட்டால் எல்.எல்.ஆர். கட்டணத்தை மறுபடி கட்டவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிப் பிள்ளைகள் மொத்தமாக வந்து சேருவார்கள். அவசரம் இல்லாதவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்தால் காரில் கூட்டமும் குறையும், கேட்கிற நேரமும் கிடைக்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி வாங்குங்கள்: ஸ்டீயரிங் என் கையில் இருக்கும் மொத்த நிமிடம் எத்தனை, அரசுக் கட்டணம் இந்தத் தொகைக்குள்ளா வெளியிலா, முதல் டெஸ்டுக்கும் இரண்டாவது டெஸ்டுக்கும் வண்டிக்கு என்ன, கூடுதல் அரை மணிக்கு எவ்வளவு. இந்த நாலையும் எழுதிக்கொடுக்கத் தயங்குகிற பள்ளியில், தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், சேராதீர்கள்.